சோறு ஒரே தடவை, பருப்பு தலைக்கு ஒரு பிடி: எடை பார்க்காமல் தட்டை அளப்பது

"கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரருக்குப் போன மாசம் சர்க்கரைன்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி புரதம்னு ஒரு படம் குடுத்து அனுப்பினாங்க. எங்க வீட்ல சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவைன்னு சோறு போட்டுத்தான் பழக்கம். சாம்பார்ல பருப்பு இருக்கே, அது புரதத்துல சேராதா? கறி, மீன் வாரத்துல ஒரு நாள்தான். எடை மெஷின் இல்ல. அத்தை, பிளஸ் டூ படிக்கிற பையன், எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். படத்தை வச்சு எப்படிப் போடறது?"

படம் சரியானதுதான். ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் சாப்பாடு ஒரே தடவை பரிமாறி, வைத்த இடத்திலேயே இருக்கும் சாப்பாடு. ஒரு பக்கம் இறைச்சி, ஒரு பக்கம் கிழங்கு, மீதி காய். எடுத்துச் சாப்பிட்டால் முடிந்தது. நம்முடைய மதியச் சாப்பாடு அப்படி இல்லை. சோறு மூன்று தடவை வருகிறது, அதன்மேல் குழம்பு ஊற்றிப் பிசைகிறோம், பருப்பு குழம்புக்குள் கரைந்து கிடக்கிறது. முதல் தடவை கால்வாசி சோறு வைத்துவிட்டு, ரசத்துக்கு இன்னொரு கால்வாசி, மோருக்கு இன்னொரு கால்வாசி போட்டால், சாப்பிட்டு எழும்போது முக்கால் தட்டு சோறு உள்ளே போயிருக்கும். நான் இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். "படத்துல சொன்ன மாதிரித்தான் சாப்பிடறோம், சர்க்கரை மட்டும் குறையல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சோறு எத்தனை தடவை போட்டுக்கொள்கிறீர்கள் என்பதைத்தான்.

சாம்பார் பற்றிய கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக வைக்கும் சாம்பாரைப் புரதத்தின் கால்வாசியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். முதலில் தட்டிலிருந்து தொடங்குவோம்.

அந்தப் படத்துக்கு உரிய தட்டு 9 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23 செ.மீ. குறுக்களவு உள்ளது. நம் வீடுகளில் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு பெரும்பாலும் 11 அல்லது 12 அங்குலம் இருக்கும். வித்தியாசம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும், 12 அங்குலத் தட்டின் கால்வாசி 9 அங்குலத் தட்டின் கால்வாசியைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துத் தட்டின் உள்பக்கத் தரையை மட்டும் அளந்து பாருங்கள். மேலே விரிந்திருக்கும் விளிம்பைச் சேர்க்க வேண்டாம். வீட்டில் டிபன் சாப்பிடும் சின்னத் தட்டு இருந்தால் பெரும்பாலும் அதுவே சரியாக இருக்கும். பகுதி பிரித்த தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. அதில் பெரிய பகுதி சோற்றுக்கென்றே செய்யப்பட்டது, அது பாதித் தட்டுக்குக் குறையாது. அந்தத் தட்டுதான் வேண்டுமென்றால் பெரிய பகுதியில் காயை வையுங்கள், சின்னப் பகுதியில் சோற்றை வையுங்கள்.

இனி உயரம். படம் பரப்பை மட்டும் காட்டுகிறது, சோறு குவியும். கால்வாசி இடத்திலேயே கோபுரமாகக் குவித்தால் இரண்டு மடங்கு சோறு உட்கார்ந்துவிடும். சோற்றை வைத்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் சமமாகப் பரப்புங்கள். அதன் உயரம் உங்கள் கட்டைவிரலின் அகலத்தைத் தாண்டக் கூடாது. 9 அங்குலத் தட்டில் கால்வாசி இடத்தில் அந்த உயரத்துக்குச் சோறு வைத்தால், 200 மில்லி டம்ளரில் அமுக்காமல், தலை தட்டி நிரப்பிய ஒரு டம்ளருக்குப் பக்கத்தில் வரும். அது சுமார் 150 கிராம் சோறு, அதில் 40 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து. மதியச் சாப்பாட்டுக்கு நாம் தேடும் அளவு இதுதான்.

உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று தெரியாவிட்டால், அரை லிட்டர் பால் கவரைப் பிரித்து அதில் ஊற்றிப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வந்தால் அது 200 மில்லி டம்ளர். பிறகு ஒரே ஒரு நாள், அந்த டம்ளரில் சோற்றை நிரப்பித் தட்டில் கவிழ்த்துப் பரப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் சோற்றுக் கரண்டியில் அது எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த நாளிலிருந்து டம்ளர் வேண்டாம், கரண்டிக் கணக்கு போதும். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி டம்ளரை எடுங்கள். பரிமாறுகிற கை நமக்குத் தெரியாமலே கூடிக்கொண்டு போகும், அதுவும் ஆசையாகப் போடுகிற கை சீக்கிரம் கூடும்.

மட்டை அரிசிச் சோறாக இருந்தால் கூடப் போடலாமா என்று இந்தப் பக்கம் பலரும் கேட்கிறார்கள். மட்டை புழுங்கலரிசி, தவிடு முழுக்கப் போகாமல் இருந்தால் நார்ச்சத்தும் உண்டு. அதனால் பச்சரிசியைவிடச் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும். பருக்கை பெரிதாக வெந்து தண்ணீரை நிறைய வாங்கிக்கொள்வதால், ஒரு டம்ளர் மட்டைச் சோற்றில் பொன்னியைவிடக் கொஞ்சம் குறைவாகவே அரிசி இருக்கும். ஆனால் இந்த வித்தியாசம் இரண்டாவது கரண்டிக்கு இடம் கொடுக்கும் அளவு பெரியதில்லை. எந்த அரிசியானாலும் ஒரு டம்ளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; மட்டையால் வரும் நன்மை அதன்மேல் சேரட்டும். கஞ்சி வடித்தாலும் கணக்கு இதேதான். வடிகஞ்சியில் போவது கொஞ்சம் மாவுதான்.

அந்த ஒரு டம்ளர் சோறும் முதலிலேயே, ஒரே தடவையாகத் தட்டுக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் விரலால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: பெரிய பாதி பருப்புக்கும் சாம்பாருக்கும், சின்னப் பாதி மோருக்கு. ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். மூன்றாகவே பிரித்து ரசத்துக்கும் ஒரு வாய் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் நான் பார்த்த வரை ஒரு பிடிச் சோற்றில் ரசம் ஊற்றினால் தட்டெல்லாம் ஓடி மனசுக்குக் குறையாகவே தெரியும், உடனே "இன்னும் ஒரு கரண்டி" என்று கை நீளும். குடித்துவிட்டால் அந்தக் குறை தெரியாது. மோர்ச்சோறு இல்லாமல் சாப்பாடு முடியாது என்கிற வீடு உங்களுடையது. அதை எடுக்கச் சொல்ல மாட்டேன், அதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். சோற்றுப் பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும். உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குக் காய்ப் பாத்திரமும் ரசச் சொம்பும் வரட்டும், மறுபடி போட்டுக்கொள்வது அவற்றிலிருந்து இருக்கட்டும்.

சாப்பிடும் வரிசைக்கும் ஒரு பலன் உண்டு. வைத்த காயில் பாதியையும் பருப்பில் கொஞ்சத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குச் செலவோ தனிச் சமையலோ இல்லை என்பதால் உங்கள் வீட்டுக்காரருக்குக் கண்டிப்பாகச் சொல்வேன்.

இப்போது பருப்பு. நான்கு பேருக்குச் சாம்பார் வைக்கும்போது எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒன்றரைப் பிடி, தாராளமான கையாக இருந்தால் இரண்டு பிடி. ஒன்றரைப் பிடி என்றால் சுமார் 50 கிராம். அதை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 12 கிராம் சொச்சம் பருப்பு, அதிலிருந்து 3 கிராமுக்கும் குறைவான புரதம். ஒரு முட்டையில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதே சாம்பார் ராத்திரிக்கும் வருமென்றால் இன்னும் பாதி. சாம்பாரில் பருப்பு இருப்பது உண்மைதான், ஆனால் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் புளித்தண்ணீரும் காயும். அதனால் அதைக் கால்வாசியில் வைக்காமல், சோற்றோடு சேர்கிற குழம்பு என்று மட்டும் கணக்கிடுங்கள்.

புரதத்தின் கால்வாசியைப் பருப்பால் நிரப்ப வேண்டுமென்றால் அளவைத் தட்டில் பார்ப்பதைவிடப் பருப்பு டப்பாவில் பார்ப்பதுதான் சுலபம். கணக்கு இவ்வளவுதான்: தலைக்கு ஒரு பிடி வேகாத பருப்பு. பெரியவர் கையில் விரல்களை மூடி அள்ளிய ஒரு பிடி 30 கிராமுக்குப் பக்கம் வரும், அதில் ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் இருக்கும். நான்கு பேருக்கு நான்கு பிடி, அதாவது முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் ஒன்றாகவே குக்கரில் வேக வையுங்கள். வெந்ததில் முக்கால் பங்கை எடுத்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கெட்டியாகக் கடைந்து வையுங்கள். மீதிக் கால் பங்கில் எப்போதும்போலச் சாம்பார் வைத்துவிடுங்கள். தனி அடுப்பு, தனி நேரம் எதுவும் வேண்டாம். கடைந்த பருப்பைத் தட்டில் வைத்தால் ஓடாமல் நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக விழ வேண்டும். ஓடிப் போய்ச் சோற்றில் சேர்ந்துகொண்டால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். அப்போது சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள். அது சாய்ந்து கால்வாசி இடத்தை நிரப்பிவிட்டதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பருப்பைப் புரதம் என்று சொன்னாலும் அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஒரு பிடிப் பருப்பிலிருந்து 17 கிராம் அளவுக்கு வரும். நார்ச்சத்தோடு வருவதால் சோற்றைப் போலச் சட்டென்று சர்க்கரையை ஏற்றாது. ஆனால் "பருப்பு நல்லதுதானே" என்று இரண்டு கிண்ணம் போட்டுக்கொண்டால் கணக்கு மாறிவிடும். இந்தக் காரணத்தால்தான், பருப்பு சாப்பிடும் நாளில் சோற்றின் கால்வாசியை மீறவே கூடாது என்று கறாராகச் சொல்கிறேன். மீன் சாப்பிடும் நாளில் அரைக் கரண்டி கூடினாலும் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

துவரம்பருப்பு மட்டும்தான் வேண்டும் என்பதில்லை. தட்டைப்பயறு, கொள்ளு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் அதே ஒரு பிடிக் கணக்குதான். ஊறி வெந்த பிறகு அது இரண்டு மடங்குக்கு மேல் பெருகி ஒரு சின்னக் கிண்ணம் நிறையும். இவை முழுதாக இருப்பதால் தட்டில் வைத்த இடத்தில் நிற்கும், கண்ணால் அளப்பது சுலபம். என்னைக் கேட்டால் வாரத்தில் மூன்று நாள் கடைந்த பருப்பு, மூன்று நாள் முழுப்பயறு என்று வைத்துக்கொள்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். மீன், கோழி எடுக்கும் நாளில் அவரவர் உள்ளங்கை அளவு போதும். விரல்களைச் சேர்க்காமல், உள்ளங்கையின் கனத்துக்கு. மத்தி மீன் என்றால் நடுத்தரமாக மூன்று. அதைக் குழம்பில் போட்டால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். பொரித்தால் எண்ணெய்க்குத் தனிக் கணக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் தடுமாறுவது காயில்தான். ஆனால் அது சமையலில் வருகிற தடுமாற்றம் இல்லை, சந்தையில் வருகிறது. பாதித் தட்டு காய் என்றால் வெந்த காயாக ஒருவருக்குச் சுமார் 200 கிராம். நான்கு பேருக்கு முக்கால் கிலோவுக்கு மேல். நறுக்கும்போது போகும் தோலையும் காம்பையும் சேர்த்தால் ஒரு நேரத்துக்கு ஒரு கிலோ காய் வாங்க வேண்டும். கால் கிலோ அவரையை நான்கு பேருக்குப் பொரியல் செய்யும் வீட்டில் எப்படிப் பரப்பினாலும் பாதித் தட்டு நிறையாது. நிறையாத இடத்தில் சோறுதான் போய் உட்காரும். இது அளவுக்கு மீறிய ஆசை இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய் என்றே சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதியை மதியத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

தினம் ஒரு கிலோ பீன்ஸும் காரட்டும் வாங்கக் கட்டுப்படியாகாது என்பது எனக்குத் தெரியும். இடத்தை நிரப்பும் வேலையை நீர்க்காய்களுக்குக் கொடுங்கள். சுரைக்காய், பீர்க்கு, புடலை, வெண்பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு ஆகியவற்றில் எது அன்றைக்கு வேலந்தாவளம் காய்ச்சந்தையில் மலிவோ அது. ஒரு பொரியல், ஒரு கூட்டு என்று இரண்டு காய் செய்து, வெள்ளரியோ வெங்காயமோ பச்சையாக நறுக்கி ஓரத்தில் வைத்தால் பாதித் தட்டு சிரமமில்லாமல் நிறைந்துவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது அதில் கீரை வரட்டும். வேலியோரத்தில் முருங்கை இருந்தால் அதற்குக் காசுகூட இல்லை.

ஆனால் காய் என்று சொல்லி மாவுச்சத்து உள்ளே வந்துவிடும் வழி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு, சேனை, சேம்பு, மரவள்ளி, நேந்திரங்காய் இவையெல்லாம் சோற்றின் கால்வாசியைச் சேர்ந்தவை, காயின் பாதியைச் சேர்ந்தவை இல்லை. உருளை வறுவல் செய்யும் நாளில் அதை வைக்கிற அளவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும். மரவள்ளியும் மீன்குழம்பும் என்றால் மரவள்ளிதான் சோறு, அதன் பக்கத்தில் சோறு வேண்டாம். அவியல் இந்த ஊரில் வாரம் தவறாமல் வருவது. அதில் சேனையும் நேந்திரங்காயும் அள்ளிப் போட்டால் பாதி அவியல் சோற்றுக் கணக்கில் போய்விடும். இரண்டையும் ஒரு கைப்பிடியோடு நிறுத்திவிட்டு வெள்ளரி, முருங்கை, பூசணி, தட்டைக்காய் ஆகியவற்றால் சட்டியை நிரப்பினால் அதைத் தயங்காமல் காய்ப் பக்கம் வைக்கலாம்.

காய் இரண்டு மடங்கானால் தேங்காயும் எண்ணெயும் கூடவே இரண்டு மடங்காகத்தான் தோன்றும், அதை மட்டும் பழைய அளவிலேயே நிறுத்துங்கள். இதைத் தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணெய்க் கணக்கில்தான் தெரியும். அதே வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. மாதத்துக்குத் தலைக்கு ஒரு லிட்டரைவிடச் சற்றுக் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்றரை லிட்டருக்கு மேல் தீர்ந்தால் அதிகம். தேங்காய் தாராளமாக அரைக்கும் வீட்டில் அதிலும் குறைய வேண்டும்.

உங்கள் வீட்டு ஒரு சாதாரண மதியத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். பொன்னிச் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், உருளை வறுவல், ரசம், மோர், அப்பளம். பழைய வழக்கப்படி சாம்பாருக்கு ஒரு டம்ளர் அளவு சோறு, ரசத்துக்கு முக்கால், மோருக்கு முக்கால் என்றால் இரண்டரை டம்ளர். அதிலிருந்து மட்டுமே 105 கிராம் மாவுச்சத்து. உருளையும் அப்பளமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டிவிடும். காய் என்று பார்த்தால் சாம்பாரில் கிடந்த இரண்டு முருங்கைத் துண்டுதான். புரதம் 16 கிராம் வாக்கில் வரும், அதில் பத்து கிராம் சோற்றிலிருந்தே வருகிறது. அரிசியிலும் புரதம் உண்டு, நாம் நிறையச் சாப்பிடுவதால் அது சேர்ந்துவிடுகிறது.

புதிய தட்டில் அதே சமையலில் உருளைக்குப் பதில் அவரைப் பொரியலும் சுரைக்காய்க் கூட்டும் வைக்கிறோம். பருப்பு தலைக்கு ஒரு பிடி. சோறு ஒரு டம்ளர், அதில் 42 கிராம் மாவுச்சத்து. கடைந்த பருப்பும் சாம்பாரும் சேர்ந்து 17. பாதித் தட்டுக் காயிலிருந்து பத்து, பன்னிரண்டு. மோர் இரண்டு மூன்று. எல்லாம் சேர்ந்து 70 சொச்சம். புரதத்தைக் கூட்டினால் சோற்றில் 4, பருப்பில் 7, காயில் 3 அல்லது 4, மோரில் 2 என்று பழையபடி 16 கிராம் பக்கமே வந்து நிற்கிறது. சோறு பாதிக்கும் கீழே இறங்கியும் புரதம் குறையவில்லை. பருப்பைக் கூட்டாமல் சோற்றை மட்டும் குறைத்திருந்தால் 10 கிராமுக்கு இறங்கியிருக்கும். நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்க வைப்பது பெரும்பாலும் இந்தக் குறைதான். புதிய தட்டுக்கு மாறிய பிறகும் உங்கள் வீட்டுக்காரருக்கு மாலையில் பசி தாங்கவில்லை என்றால் சோற்றைக் கூட்டாதீர்கள், ஒரு அவித்த முட்டையைச் சேருங்கள். ஆறு கிராம் புரதம் கூடும், மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுமே கூடாது. முட்டை சாப்பிடாதவர் என்றால் மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர்.

எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும் சாப்பாட்டுக்குக் கால்வாசிக் கணக்கு நேராகப் பொருந்தாது. அரிசியும் பருப்பும் போட்டுச் செய்யும் சாதத்தில் இரண்டும் உள்ளே இருப்பதால் அது தட்டில் மூன்றில் ஒரு பங்கு வரலாம். ஆனால் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போடுவதை விட்டு, இரண்டுக்கு ஒன்றாவது போட வேண்டும். காய் பாதித் தட்டு என்பதில் மாற்றம் இல்லை. காலையில் புட்டும் கடலையும் என்றால் புட்டு கால்வாசி இடத்தோடு நிற்க வேண்டும், கடலைக்கறியைக் கிண்ணம் நிறைய வையுங்கள். இட்லி என்றால் மூன்று, அதோடு தண்ணீர்ச் சட்னிக்குப் பதில் கெட்டிப் பருப்புச் சாம்பார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதியத்தின் கணக்கே போதும்.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எழுதியிருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். மாத்திரைச் சீட்டில் மெட்பார்மின் மட்டும் இருந்தால் சோற்றைக் குறைப்பதால் சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையோ இன்சுலினோ இருந்தால், இரண்டரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளருக்கு ஒரே நாளில் இறங்கும்போது தாழ்சர்க்கரை வரலாம். அப்படியானால் முதலில் டாக்டரிடம், இவ்வளவு சோறு குறைக்கப்போகிறோம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்க வழியில்லாவிட்டால் உடனே, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தால், நான் சொன்ன பருப்பு, முட்டை, கீரை அளவுகள் அவருக்குப் பொருந்தாமல் போகலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தட்டு சரியாக அமைந்ததா என்பதை வீட்டுக் குளுக்கோமீட்டரே சொல்லிவிடும். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180-க்குக் கீழே இருப்பது நாம் தேடும் எண். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியத்தில் பார்த்து, அன்று தட்டில் என்ன இருந்தது என்பதைப் பக்கத்தில் எழுதி வைத்தால், எந்த நாள் ஏறுகிறது என்பது தானாகத் தெரியும். சோறு சரியாக இருந்தும் ஏறினால் அன்று கிழங்கு இருந்ததா, சாப்பிட்டதும் நேந்திரம்பழம் சாப்பிட்டாரா, சாப்பிட்டு எழுந்ததும் டீயில் சர்க்கரையா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்து ஏறினால் தட்டை இன்னும் சுருக்காமல் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். அது மருந்தின் கேள்வியாக இருக்கலாம்.

இதே சமையலைத்தான் அத்தையும் பையனும் சாப்பிடப் போகிறார்கள், தனிச் சமையல் வேண்டாம். அத்தைக்குச் சோறு ஒரு டம்ளரோ அதற்குக் கொஞ்சம் குறைவோ போதும். ஆனால் பருப்பின் கால்வாசியைக் குறைக்கக் கூடாது. வயதானவர்கள் முதலில் கைவிடுவது அதைத்தான், கைகால் சதை குறைவதும் அந்த வயதில்தான். பல் சரியில்லை என்றால் முழுப்பயறு வேண்டாம், கடைந்த பருப்பாகவே கொடுங்கள். பையன் வளர்கிற வயது, விளையாடுகிறவன் என்றால் அவனுக்குச் சோறு இரண்டு டம்ளர் வரை போகட்டும். காய்ப் பகுதியும் பருப்பும் மட்டும் அப்பாவின் தட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் மூவருக்கும் தலைக்கு ஒன்று, பையனுக்கு இரண்டு என்று ஐந்து டம்ளர் சோறு மதியத்துக்கு. அதற்கு ஒன்றரை டம்ளருக்குச் சற்று மேல் அரிசி களைந்து போட்டால் சரியாக இருக்கும். பாத்திரத்தில் மிச்சம் இருந்தால்தான் "இன்னும் கொஞ்சம்" என்ற பேச்சே வரும், அதனால் அளவை அரிசிப் பானையிலேயே எடுத்துவிடுங்கள்.